முத்துவின் அரிப்பும் இளகிய மலமும்: எட்டு வார உணவுச் சோதனையை வீட்டில் நடத்தும் முறை

*டாக்டருக்கு வணக்கம். எங்கள் ஆண் பூனை முத்துவுக்கு 4 வயது, எடை 4.2 கிலோ, கருத்தடை செய்தாகிவிட்டது. ஆறு மாதமாகத் தலையையும் கழுத்தையும் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறான். நாளுக்கு மூன்று நான்கு தடவை இளக்கமாகப் போகிறான். மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஊசி போட்டார்கள், ஒரு மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. அவன் சாப்பிடுவது கோழி உலர் தீனி, மாலையில் சூரை மீன் டின், குழாயில் வரும் நக்குதீனி. என் மாமியார் நெத்திலியும் தயிர்ச்சோறும் கொடுப்பார். தானியமில்லாத சால்மன் தீனியை மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தேன், குறையவில்லை. அப்படியென்றால் சாப்பாடு காரணமில்லைதானே? இணையத்தில் விற்கும் முடிப் பரிசோதனையைச் செய்து பார்க்கலாமா? எங்கள் டாக்டரோ எட்டு வார உணவுச் சோதனை செய்யச் சொல்கிறார். பொன்னி என்று இன்னொரு பூனையும் இருக்கும் வீட்டில் அது நடக்குமா?*

*வாசகி, ஈசூன்*

வணக்கம். அந்த மூன்று வாரத்தை வைத்து உணவு காரணமில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். பூனைகளின் உணவு ஒவ்வாமையில் அடிக்கடி பிடிபடுபவை மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகிய மூன்றுதான். முத்து வருடக்கணக்கில் சூரையும் நெத்திலியும் தின்று வளர்ந்தவன். மீன் இனங்கள் பலவற்றின் தசையில் இருக்கும் ஒவ்வாமைப் புரதம் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானது. சூரைக்கு எதிர்வினை காட்டும் உடல் சால்மனுக்கும் காட்ட வாய்ப்பு உண்டு. ஆக, பழைய சந்தேகப் பொருளையே வேறு பையில் கொடுத்திருக்கலாம். மேலும் மூன்று வாரம் குடலுக்குப் போதுமானாலும் தோலுக்குப் போதாது. உணவு ஒவ்வாமை உள்ள பூனைகளில் பத்தில் ஒன்பதுக்குத் தோல் தேறுவது தெரிய எட்டு வாரம் ஆகும். நான்கு வாரத்தில் நிறுத்தினால் உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள பல பூனைகளை "இல்லை" என்று தவறாகக் கணக்கில் எழுதிவிடுவோம்.

முடி, உமிழ்நீர், இரத்தம் எதை எடுத்துப் பார்த்தாலும் பூனைக்கு எந்த உணவு ஒவ்வாது என்று நம்பத்தக்க விடை கிடைப்பதில்லை. ஆரோக்கியமான பூனைக்கும் நீண்ட பட்டியல் வரும், ஒவ்வாமை உள்ள பூனைக்குக் குற்றவாளிப் பொருள் பட்டியலில் இல்லாமலே போகும். அந்தப் பணத்தைச் சோதனை உணவுக்குச் செலவிடுங்கள். உங்கள் டாக்டர் சொன்ன வழிதான் சரி. அதில் பலரும் விட்டுவிடும் பாதி ஒன்று இருக்கிறது: நன்றாகிவிட்ட பூனைக்குப் பழைய உணவை வேண்டுமென்றே திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. அதைச் செய்யாதவரை நோய் உணவால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தொடங்குமுன்

முதலில் தெள்ளுப்பூச்சி. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு ஏது தெள்ளு என்று தோன்றலாம். சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லாததால் தெள்ளின் வாழ்க்கைச் சுழற்சி வருடம் முழுக்க ஓடுகிறது. மனிதர்களின் உடையிலும் காலணியிலும்கூட அது வீடு வந்து சேரும். அரிக்கும் பூனை தன்னை ஓயாமல் நக்குவதால் தெள்ளையும் சேர்த்தே விழுங்கிவிடும், நீங்கள் சீப்பு போட்டுப் பார்க்கும்போது ஒன்றும் அகப்படாது. அதனால் கண்ணில் படவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமல், முத்து, பொன்னி இருவருக்கும் பிடரியில் விடும் சொட்டு மருந்தை உணவுச் சோதனைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, சோதனை முடியும்வரை தவறாமல் விடுங்கள். சொட்டு மருந்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மெல்லக்கூடிய மாத்திரைகளில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பூனைக்கு விடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

அடுத்து மலம். "ஒன்றும் இல்லை" என்ற அறிக்கை ஒரே ஒரு மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்ததாக இருந்தால் அது முழு விடை ஆகாது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஒருநாள் வெளிப்பட்டு மறுநாள் மறைந்திருக்கும், அதனால் வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று மாதிரிகள் அல்லது ஆன்டிஜென் பரிசோதனை தேவை. இளம் பூனைகளில் நாள்பட்ட பேதிக்குக் காரணமாகும் டிரைட்ரைகோமோனாஸ் என்ற நுண்ணுயிரைப் பிசிஆர் பரிசோதனைதான் ஒழுங்காகக் காட்டும். முத்துவைப் பல பூனைகள் இருந்த இடத்திலிருந்து எடுத்து வந்திருந்தால் இதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கழுத்துப் புண்ணிலிருந்தும் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்துக் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், படர்தாமரையையும் விலக்க வேண்டும். தொற்று இருக்கும்வரை எந்த உணவு கொடுத்தாலும் அரிப்பு நிற்காது.

மூன்றாவதாக அந்த ஊசி. ஒரு மாதம் வேலை செய்தது என்பதிலிருந்து அது நீண்டகால ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். சோதனையின் நடுவே அதே ஊசியைப் போட்டால் அரிப்பு குறைந்தது உணவாலா மருந்தாலா என்று பிரிக்கவே முடியாது. முதல் வாரங்களில் தாங்க முடியாமல் பிறாண்டினால், சில நாளில் உடலைவிட்டு நீங்கும் மாத்திரை வடிவ மருந்தை டாக்டர் தரட்டும். ஆனால் சோதனையின் கடைசி இரண்டு மூன்று வாரங்கள் எந்த அரிப்பு மருந்தும் இல்லாமல் கழிய வேண்டும். தீர்ப்பு அந்த வாரங்களை வைத்துத்தான்.

எந்த உணவு

முத்து இதுவரை தின்ற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய பைகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் நல்லது. "கோழி" என்று முகப்பில் பெரிதாக அச்சிட்ட தீனியின் பொருள் பட்டியலில் மீன்தூள், மாட்டுக் கொழுப்பு, முட்டை எல்லாம் சாதாரணமாக இருக்கும். "இறைச்சியும் விலங்கு உபபொருள்களும்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த விலங்கென்று தெரியாது, எல்லாவற்றையும் தின்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை உணவில் இரண்டு வகை. ஒன்று, பூனை இதுவரை சுவைக்காத ஒரே இறைச்சியில் செய்தது, உதாரணமாக முயல். இதில் ஏமாந்துவிட வேண்டாம்: கோழி தின்றவனுக்கு வாத்தும் வான்கோழியும் முற்றிலும் புதியவை அல்ல. மாடு, ஆடு, மான் மூன்றும் அதேபோல ஒன்றையொன்று ஒத்தவை. மற்றது ஹைட்ரோலைஸ்டு உணவு. இதில் புரதத்தைத் தொழிற்சாலையிலேயே மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துவிடுகிறார்கள், அதனால் பூனையின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை. இத்தனை வகை தின்று பழகிய முத்துவுக்கு என் தேர்வு இந்த இரண்டாவது வகை. ஆனால் எந்தப் புரதத்தை உடைத்துச் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். சில தயாரிப்புகள் கோழி ஈரலிலிருந்தும், சில சோயாவிலிருந்தும், சில பறவை இறகிலிருந்தும் வருகின்றன. கோழிக்கு ஒவ்வாமை உள்ள பூனைகளில் சில, உடைத்த கோழிப் புரதத்துக்கும் எதிர்வினை காட்டும். அதனால் முத்துவுக்குச் சோயாவிலிருந்து செய்தது அல்லது மிக நுணுக்கமாக உடைத்தது பொருத்தம்.

செல்லப்பிராணிக் கடையில் "ஒற்றைப் புரதம்", "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற பெயர்களில் விலை குறைவாகக் கிடைப்பதை இந்த எட்டு வாரத்துக்கு வாங்க வேண்டாம். அத்தகைய பைகளைப் பரிசோதித்தபோது பட்டியலில் இல்லாத இறைச்சியின் தடயங்கள் பலவற்றில் காணப்பட்டிருக்கின்றன. ஒரே இயந்திரத்தில் காலையில் கோழித் தீனியும் மாலையில் முயல் தீனியும் ஓடினால் அப்படித்தான் ஆகும். "தானியமில்லாதது" என்ற சொல்லுக்கும் பெரிய மதிப்பில்லை. பூனைகளுக்குக் கோதுமை, சோள ஒவ்வாமை வருவதைவிட இறைச்சி, மீன் ஒவ்வாமை வருவதே அதிகம். வீட்டில் முயலிறைச்சி வேகவைத்துக் கொடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் டாரின், கால்சியம் முதலியவற்றை அளவறிந்து சேர்க்க வேண்டும். கால்நடை உணவியல் தெரிந்தவர் கணக்கிட்டுத் தராமல் அதில் இறங்காதீர்கள்.

எவ்வளவு, எப்படி மாற்றுவது

4.2 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டுக்குள் வாழும் பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 220 கலோரி போதும். பையில் 100 கிராமுக்கு 380 கலோரி என்று போட்டிருந்தால் கணக்கு 58 கிராம். அதைக் குவளையால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். எட்டு வாரத்துக்கு 3.25 கிலோ ஆகும். உணவை மாற்றும் நாள்களுக்கும் சேர்த்து 4 கிலோ கையில் இருக்கட்டும், பாதியில் தீர்ந்து கடையில் கிடைக்காமல் போனால் சோதனையே கெட்டுவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து கிடக்கும் தீனியில் சேமிப்புப் பூச்சிகள் பெருகும், அவையும் அரிப்பைத் தூண்டக்கூடியவை. அதனால் ஒரே பெரிய பைக்குப் பதில் சிறிய பைகளாக வாங்கி, பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

முதல் இரண்டு நாள் புதியது 15 கிராம், மீதி பழைய தீனி. அடுத்த இரண்டு நாள் 30 கிராம், அதற்கடுத்த இரண்டு நாள் 45 கிராம், ஏழாம் நாள் முழுவதும் புதியது. டின், நக்குதீனி, நெத்திலி, தயிர் எல்லாம் அன்றோடு நிற்க வேண்டும். எட்டு வாரக் கணக்கு அந்த ஏழாம் நாளிலிருந்துதான் தொடங்குகிறது. டின் உணவின் ஈரத்துக்குப் பழகியவன் என்பதால் வெதுவெதுப்பான நீர் இரண்டு மேசைக்கரண்டி விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். வாசனையும் எழும், நீரும் உள்ளே போகும்.

சாப்பிட மறுத்தால் "பசித்தால் தானாகத் தின்பான்" என்று காத்திருக்காதீர்கள். பூனை பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு ஈரலில் போய்க் குவியும், இரண்டு மூன்று நாளிலேயே அது ஆபத்தான நோயாக மாறலாம். 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவைக் கொடுத்துவிட்டு டாக்டரை அழையுங்கள். வேறு நிறுவனத்தின் சோதனை உணவை மெதுவாக முயலலாம். நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் கிளினிக் தராசில் எடை பாருங்கள். 4 கிலோவுக்குக் கீழே இறங்கினால் அளவையோ உணவையோ மாற்ற வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் கசிவுகள்

எட்டு வாரச் சோதனை தோற்பது பெரும்பாலும் உணவால் அல்ல, யாரும் உணவென்று எண்ணாத பொருள்களால். பொன்னிக்குச் சிறுநீரகம், சிறுநீர்ப்பை போன்ற வேறு நோய்க்கான உணவு தேவையில்லை என்றால், அவளுக்கும் அதே சோதனை உணவைப் போட்டுவிடுவதே மிக எளிது. இந்த உணவுகள் வளர்ந்த பூனைக்கு முழுமையான சத்துணவாகத்தான் செய்யப்படுகின்றன. செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆனால் காவல் வேலை மிச்சம். அது முடியாவிட்டால் பொன்னியைக் கதவு சாத்திய அறையில் நேரம் குறித்து உண்ண வைத்து, இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துக் கழுவிவிட்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். தட்டை நாள் முழுக்க வைத்திருக்கும் பழக்கம் அந்த வீட்டில் ஒத்துவராது.

மருந்துகளைக் கவனியுங்கள். முடியுருண்டைக்கான பசை, கோழிச் சுவைப் பற்பசை, சுவையூட்டிய குடற்புழு மாத்திரை, மீனெண்ணெய் மாத்திரை எல்லாம் கசிவுகளே. மலம் இளகுகிறது என்று பலர் வாங்கும் பூனை ப்ரோபயாடிக் தூள் சிலவற்றில், பூனை விரும்பி உண்ண வேண்டும் என்பதற்காக விலங்குப் புரதச் சுவை சேர்த்திருக்கிறார்கள். ஜெலட்டின் உறையிட்ட மாத்திரையில் மாட்டுப் புரதமோ பன்றிப் புரதமோ இருக்கும். எதைக் கொடுக்கும் முன்பும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் மாமியாரிடம் "கொடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் அது நிற்காது. பாசத்தோடு கையால் ஊட்டிப் பழகியவருக்கு ஊட்ட ஏதாவது வேண்டும். தினமும் காலையில் அந்த 58 கிராமிலிருந்தே 6 கிராமை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்து, "அத்தை, முத்துவுக்கு இன்றைக்கு இதுதான், நீங்கள்தான் கொடுக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். இல்லப் பணிப்பெண் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். மீன் கழுவிய தொட்டி, மூடாத குப்பைக்கூடை, ஊறவைத்த பாத்திரம் மூன்றும் மாலைக்குள் சுத்தமாகட்டும். வீவக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி வந்ததையொட்டிப் பலரும் ஜன்னலுக்கும் வாசல் கிரில்லுக்கும் வலை போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் வலையில் இடைவெளி இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள். தாழ்வாரத்திலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் தெருப்பூனைகளுக்கு வைக்கும் தீனி ஒரு வாய் போதும், இரண்டு வாரக் குழப்பம் வரும்.

அப்படியும் ஒருநாள் நெத்திலி ஒன்று போய்விட்டால் சோதனையைத் தூக்கிப்போட வேண்டாம். தேதியையும் பொருளையும் எழுதிவைத்து, அடுத்த இரண்டு வாரம் கவனியுங்கள். அரிப்பு கூடினால் அதுவே ஒரு தடயம், சோதனையை இரண்டு வாரம் நீட்டிக்கொள்ளலாம். மறைக்கப்பட்ட நெத்திலிதான் கெடுதல். சொன்னவரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

குறிப்பேடும், திரும்பக் கொடுத்துப் பார்ப்பதும்

தினமும் இரவு ஒரே நேரத்தில் அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். 0 என்றால் சாதாரணப் பூனையைப் போல அரிதாகச் சொறிவது, 10 என்றால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டுப் பிறாண்டுவது. ஒரே ஆள் போடுவது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் கழுத்தையும் கண்ணின் மேற்புறத்தையும் படம் எடுங்கள். மலத்துக்குத் தடவை எத்தனை, உருண்டையா, வடிவம் குலைந்ததா, நீரா என்று எழுதினால் போதும். லிட்டர் பெட்டியில் யாருடையது என்று தெரியாவிட்டால் வாரம் ஓரிரவு இருவரையும் தனி அறையில், தனிப் பெட்டியோடு படுக்க வையுங்கள். இந்த எழுத்து வேலை தேவைதானா என்று தோன்றும். மெதுவாகக் குறையும் அரிப்பை நினைவு சரியாகப் பிடிப்பதில்லை, எட்டாம் வாரத்தில் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

குடல் முதலில் பேசும். உணவு காரணமென்றால் மலம் பெரும்பாலும் இரண்டு வாரத்திலேயே கெட்டியாகத் தொடங்கும். நான்கு வாரமாகியும் துளியும் மாறவில்லை என்றால் வேறு வகைச் சோதனை உணவுக்கு மாறுவதா, குடலை மேலும் பரிசோதிப்பதா என்று டாக்டரிடம் பேசுங்கள். மலம் தேறி, தோல் தேறாமல் இருந்தால் பொறுமையாக எட்டு வாரம் போங்கள்.

இங்கே ஒரு நுட்பம். மலம் கெட்டியானதே ஒவ்வாமைக்குச் சான்று ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, தயிரில் அது குறைந்தாலும் முழுக்கப் போய்விடுவதில்லை. தயிர்ச்சோறு நின்றதாலேயே முத்துவின் வயிறு அடங்கியிருக்கலாம். சோதனை உணவு எளிதில் செரிக்கும்படி செய்யப்பட்டது என்பதும் ஒரு காரணமாகலாம். தோலுக்கும் இப்படியே: தெள்ளு மருந்து, புண்ணின் தொற்று ஆறியது, இவையும் அரிப்பைக் குறைத்திருக்கலாம். இவற்றையெல்லாம் பிரித்துக் காட்டுவது பழைய உணவைத் திரும்பக் கொடுக்கும் சோதனை மட்டுமே.

முத்துவுக்கு அது எப்படிப் போகலாம் என்று ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். தொடக்கத்தில் அரிப்பு எண் 7. நான்காம் வாரம் 6, ஆறாம் வாரம் 4, எட்டாம் வாரம் 2. மலம் இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒருமுறை, உருண்டையாக. இப்போது தயிரை மட்டும் விட்டுவிட்டுப் பழைய உணவு அனைத்தையும் மறுபடி கொடுக்கிறீர்கள். மூன்றாம் நாள் மலம் இளகுகிறது, ஆறாம் நாள் அரிப்பு எண் 5 ஆகிறது. உடனே நிறுத்திச் சோதனை உணவுக்குத் திரும்புகிறீர்கள். சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி அடங்குகிறது. இப்போதுதான் உணவு ஒவ்வாமை உறுதி. பழைய உணவில் முழுதாக 14 நாள் போயும் ஒன்றும் ஆகவில்லை என்றால், நன்றானது வேறு காரணத்தால். முத்து மறுபடி புண்ணாகிவிடுவானோ என்ற பயத்தில் பலர் இந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள். முதல் அறிகுறியிலேயே நிறுத்திவிடுவதால் பழைய அளவுக்குப் புண் போகாது. தேவைப்பட்டால் அந்தச் சில நாளுக்கு மருந்தும் உண்டு.

உறுதியானபின் குற்றவாளியைத் தேடலாம். சோதனை உணவு அப்படியே தொடர, அதன்மேல் ஒரே ஒரு பொருள். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி மார்புக்கறி நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, 14 நாள். அந்த நாள்களில் தீனியை 4 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் கோழி பாதுகாப்பானது. ஏதாவது தெரிந்தால் அன்றே நிறுத்தி, உடல் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததற்குப் போங்கள். பிறகு நீரில் அடைத்த சூரை (எண்ணெயிலோ உப்புநீரிலோ அடைத்தது வேண்டாம்), பிறகு மாட்டிறைச்சி, கடைசியாகத் தயிர். தயிருக்கு மலம் மட்டும் இளகி அரிப்பு வராவிட்டால் அது செரிமானக் கோளாறு, ஒவ்வாமை இல்லை.

உதாரணத்தில் கோழி 14 நாள் அமைதியாகக் கழிந்து, சூரை கொடுத்த இரண்டாம் நாள் மலம் இளகி, ஐந்தாம் நாள் கழுத்தைப் பிறாண்டினான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முத்து வாழ்நாள் முழுக்கச் சோதனை உணவே தின்ன வேண்டியதில்லை, மீனில்லாத கோழித் தீனிக்கு வரலாம். பையின் முகப்பைப் பார்த்து வாங்காமல் மீன்தூள், மீனெண்ணெய், இறால் என்று பின்பக்கத்தில் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். நிறுவனங்கள் பொருள் பட்டியலை மாற்றுவது உண்டு, அதனால் ஒவ்வொரு பைக்கும் இதைச் செய்யுங்கள். நெத்திலிக்குப் பதில் உங்கள் மாமியாரின் டப்பாவில் வேகவைத்த கோழித் துணுக்கு போகலாம்.

எட்டு வாரம் ஒழுங்காக முடித்தும் அரிப்பு எண் 7லேயே நின்றால் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் தாளில் கசிவு எதுவும் இல்லை, தலை கழுத்து அரிப்போடு குடல் தொல்லையும் சேர்ந்தே இருக்கிறது என்றால், உணவின்மேல் சந்தேகம் வலுவானது. வேறு மூலத்திலிருந்து செய்த இன்னொரு சோதனை உணவை ஒருமுறை முயல்வது நியாயம். அதிலும் மாற்றமில்லை என்றால் தூசிப்பூச்சி, மகரந்தம் போன்ற சுற்றுப்புற ஒவ்வாமையை நோக்கிப் போக வேண்டும். அதற்குச் சைக்ளோஸ்போரின் உள்ளிட்ட நீண்டகால மருந்துகள் இருக்கின்றன. எண் 7லிருந்து 4க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டாலும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். ஒரே பூனைக்கு உணவு, சுற்றுப்புறம் இரண்டும் சேர்ந்து ஒவ்வாமல் போவது உண்டு. உணவின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் மருந்தின் அளவை டாக்டர் அதற்கேற்பக் குறைக்க முடியும்.